மேலே தள்ளிய அட்டை

சுருளியம்மாளுக்கு இருபத்தொன்று மார்க் என்று திரை காட்டியதும் நான் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். ஏலப்பாறையில் அக்ஷயா சென்டரில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ரேஷன் கார்டு, வருமான சர்ட்டிபிகேட், கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வு விண்ணப்பம், ரிசல்ட் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். நெட் இழுக்கிறது, பழைய பக்கம் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். மூன்று தடவையும் அதே இருபத்தொன்றுதான்.

"என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி போவுது?" என்றாள் சுருளியக்கா. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கொழுந்துக் கறை போகாத விரல்களை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருங்கக்கா, லோடு ஆகுது."

"எழுபது வரணும் ஜோதி. ஆன்சர் கீ வந்தன்னைக்கே நான் கணக்கு பாத்துட்டேன். எழுபதும் சில்லறையும்."

எனக்கு வாயில் பொய் வரவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். அவள் அதை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இது வேற யாரோடதோ" என்றாள். மேலே அவள் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் இருந்தது.

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மலை ஏறிய குடும்பம். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தபோது பத்தாம் வகுப்பில் அவள்தான் முதல். அந்த வருடமே அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட, அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு முனீஸ்வரன் என்கிற ஜீப் டிரைவரைக் கட்டினாள், இரண்டு பெண்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போன பிறகு, முப்பத்தாறாவது வயதில், இடுக்கியில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்குக் கிளார்க் வேலை உண்டு, பத்து பாஸ் போதும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, படிக்க ஆரம்பித்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

அவள் படித்த விதம் வேறு. கேரளத்து நதிகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி முந்தானையில் முடிந்துகொள்வாள். கொழுந்து எடுத்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். பக்கத்து நெரையில், அடுத்த செடி வரிசையில், நிற்கிற சாந்தம்மாள் அத்தைக்குக்கூட நாற்பத்துநாலு நதியும் பாடமாகிவிட்டது. இந்த வேலைக்கு எழுத அவளுக்கு இருந்தது இந்த ஒரு தடவைதான். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கும் தெரியும், வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

வகுப்பு என்றால் எஸ்டேட் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற இலவச வகுப்பு. எடுப்பவர் நல்லதம்பி சார். எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பிஎஸ்சி தேர்வு எழுதி, பக்கத்துப் பஞ்சாயத்தில் வேலைக்குப் போனவர். நாற்பத்திரண்டு வயது. ஒரு காசு வாங்காமல் பதினோரு பேருக்குப் பாடம் எடுத்தார். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி, டிகிரி லெவல் பரீட்சைக்குப் படிக்கிறேன். சாரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அவ்வளவு மரியாதை வைத்திருந்தேன்.

சரி, இருபத்தொன்றுக்கு வருகிறேன். பிஎஸ்சி தளத்தில் நாம் எழுதிய ஓஎம்ஆர் தாளையே பார்க்கலாம், வட்டம் கறுத்தது கறுத்தபடி தெரியும். அதை எடுத்து பிரின்ட் போட்டேன். அக்கா ரெக்ஸின் பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தாள். பரீட்சை எழுதியவர் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தேர்ந்தெடுத்த விடையில் டிக் இருந்தது. அதை வைத்துத்தான் அவள் எழுபது என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். வரிசையில் நின்ற இரண்டு பேரிடம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முதலில் ஆல்பா கோடு பார்த்தேன். ஒரே கேள்விகளை வரிசை மாற்றி ஏ, பி, சி, டி என்று நாலு விதமாகத் தருவார்கள். தாளில் இந்த எழுத்து மாறிப்போனால் வேறு கீயை வைத்துத் திருத்திவிடும், மார்க் பாதாளத்துக்குப் போகும். அக்காவுடையது பி. தாளிலும் பி, கேள்வித்தாளிலும் பி. அது இல்லை.

ஒரே வரியில் இரண்டு வட்டம் கறுத்திருக்கிறதா, அரைகுறையாக விட்டிருக்கிறாளா என்று அடுத்து பார்த்தேன். ஒன்றும் இல்லை, எல்லாம் நிறைவாகக் கறுத்திருந்தது. பிறகு ஒன்றிலிருந்து ஒத்துப் பார்த்தேன். நான் கேள்வித்தாளைப் பார்த்து டிக்கைச் சொல்ல, அவள் ஓஎம்ஆர் தாளைப் பார்த்துச் சொன்னாள்.

"இருபத்தொம்பது டி."

"டி."

"முப்பது ஏ."

"ஏ."

"முப்பத்தொண்ணு... டிக் இல்லக்கா. தெரியாதுன்னு விட்டுருக்கீங்க."

அவள் தாளைப் பார்த்தபடி, "சி கறுத்துருக்கே" என்றாள்.

முப்பத்திரண்டாவது கேள்வியைப் பார்த்தேன். டிக் சி-யில் இருந்தது. முப்பத்துமூன்றுக்கு டிக் ஏ. "முப்பத்திரண்டாவது வரியில என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஏ" என்றாள். முப்பத்தொன்றை விட்டாள், ஆனால் முப்பத்தொன்றின் வரியைக் காலியாக விடவில்லை. அடுத்த கேள்வியின் விடையை அந்த வரியில் போட்டுவிட்டாள். அங்கிருந்து எல்லாம் ஒரு வரி மேலே. நாற்பத்தாறையும் விட்டிருந்தாள், அங்கிருந்து இரண்டு வரி மேலே. இப்படி மொத்தம் ஏழு கேள்வி விட்டிருந்தாள். தொண்ணூற்றுநாலிலிருந்து நூறு வரைக்கும் ஏழு வரி வெறிச்சென்று கிடந்தது. நூறாவது கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும், டிக் போட்டிருக்கிறாள். அந்த விடை தொண்ணூற்றுமூன்றில் உட்கார்ந்திருந்தது.

"கடைசி ஏழு வரி காலியா கெடக்குதே, பாக்கலையாக்கா?"

"பாத்தேன் புள்ள. நான் விட்டது ஏழு, காலியா கெடந்தது ஏழு. கணக்கு சரியா வருதுன்னு குடுத்துட்டேன். ஹால் மேடம் வேற தாளை வாங்க பக்கத்துல வந்துட்டாங்க."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் முப்பதில் இருபத்துநாலு சரி. இடம் மாறிய அறுபத்துமூன்றில் குருட்டாம்போக்கில் பதினைந்து சரியாகியிருந்தது. ஆக முப்பத்தொன்பது சரி, ஐம்பத்துநாலு தப்பு. மூன்று தப்புக்கு ஒரு மார்க் பிடிப்பார்கள், பதினெட்டு போயிற்று. மீதி இருபத்தொன்று. மெஷின் ஒரு புள்ளி பிசகாமல் திருத்தியிருந்தது.

"காலி வரியைப் பாத்தா எனக்கு கை தானா அங்க போயிருது ஜோதி" என்றாள். "நெரையில ஒரு செடி விட்டுட்டு மேல போனா கங்காணி ஊரு கேக்க ஏசுவாரு. இருபது வருசமா விடாம எடுத்த கை." பிறகு சொன்னாள்: "ஆனா ஒண்ணு புரியல. சார் வச்ச நாலு மாடல் பரீட்சையிலயும் இப்படித்தான எழுதுனேன். அறுபத்தாறு, அறுபத்தொம்பது, எழுபத்திரண்டு, எழுபத்துநாலு. அப்பல்லாம் தப்பாத கை அன்னைக்கு மட்டும் எப்படித் தப்பும்?"

"பதட்டம்தான்க்கா."

"எனக்கு என்ன பதட்டம்? அட்டை கடிக்கிற காட்டுல நிக்கிறவ நான்."

மாடல் தாள்களும் அந்தப் பையிலேயே இருந்தன. மார்க் போட்ட தாளை அவள் கோயில் பிரசாதம் போல மடித்து வைத்திருந்தாள். நாலையும் மேஜையில் விரித்தேன். எழுபத்துநாலு என்று சிவப்பில் எழுதியிருந்த தாளில் கடைசி ஐந்து வரி காலி. எழுபத்திரண்டில் கடைசி ஆறு வரி காலி. மற்ற இரண்டிலும் அப்படியே. அங்கேயும் வரி மாறியிருந்தது, மார்க் மட்டும் குறையவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். கண் அந்தக் காலி வரியிலேயே நின்றது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். "ஞாயித்துக்கிழமை போவோம். சார் என்ன சொல்றாருன்னு கேப்போம். வேற காரணம் இருக்கும்."

வேற காரணம் இருக்கும் என்று நானும் நம்பினேன். சார் அப்படிச் செய்யமாட்டார் என்று நாலு நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். மடச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கிளப்பில் எல்லாரும் இருந்தார்கள். சுவரில் மாடல் பரீட்சை மார்க் பட்டியல் ஒட்டியிருந்தது, சுருளியம்மாள் பெயர் உச்சியில். ரிசல்ட் சாருக்குத் தெரிந்துவிட்டது. லிஸ்டில் அவள் பெயர் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"விடும்மா. ஒரு பரீட்சைதான. உனக்கு அறிவு இருக்கு."

"சார், இந்தத் தாளை எனக்காக இன்னொரு தடவை திருத்துங்க" என்று எழுபத்துநாலு மார்க் தாளை நீட்டினாள். குரலில் கோபமே இல்லை. "எங்க மார்க் போச்சுன்னு நான் பாத்துக்கறேன்."

சார் திருத்துவது எப்படி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் அவர் கெட்டி அட்டையில் சரியான விடை இருக்கிற இடத்தில் ஓட்டை போட்டு வைத்திருப்பார். ஓஎம்ஆர் தாளில் ஒரு பத்திக்கு இருபத்தைந்து வரி, நாலு பத்தி. அதனால் அட்டையும் நாலு துண்டு. துண்டைப் பத்தியின் மேல் வைத்தால், சரியான விடை ஓட்டைக்குள் கறுப்பாகத் தெரியும். தப்பானால் ஓட்டை வெள்ளையாக இருக்கும். கறுப்பை எண்ணினால் சரியான விடை எத்தனை என்று தெரிந்துவிடும். வேகமாகத் திருத்தலாம்.

சார் அலமாரியிலிருந்து அந்த மாடலின் அட்டைகளை எடுத்தார். முதல் துண்டை வைத்தார். ஒன்று, இரண்டு என்று பென்சிலால் தொட்டுக்கொண்டே போனார். இருபத்துமூன்று வரை வந்தார். இருபத்துநாலில் ஓட்டை வெள்ளை, இருபத்தைந்திலும் வெள்ளை. இரண்டாவது துண்டை எடுத்துப் பத்தியின் மேல் வைத்தார். வைத்த வேகத்திலேயே அவருடைய கட்டைவிரல் அந்த அட்டையை ஒரு வரி மேலே தள்ளியது. தள்ளியதும் ஓட்டைகள் வரிசையாகக் கறுத்தன. தள்ளியது அவருக்கே தெரியவில்லை. பழகிப்போன கை அது. ஆறேழு வரி எண்ணின பிறகுதான் கை நின்றது.

"ஏன் சார் தள்ளினீங்க?" என்றாள் சுருளியக்கா.

அவர் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"தள்ளாம வச்சுத் திருத்துங்க."

"சுருளி, நான் சொல்றதைக் கேளு..."

"தள்ளாம வைங்க சார்."

அவர் அட்டையைக் கீழே இறக்கி நேராக வைத்தார். ஓட்டைகள் பெரும்பாலும் வெள்ளையாகிவிட்டன. நாலு துண்டையும் வைத்து எண்ணி முடித்தார். முப்பத்தேழு சரி, ஐம்பத்தெட்டு தப்பு. கழித்துப் பார்த்தால் பதினெட்டுகூட இல்லை. எழுபத்துநாலு இருந்த தாள் அது. எனக்கு அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொன்னது முழுக்க அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான். "முத மாடல்ல உனக்குப் பதினேழு வந்துச்சு. அப்படியே போட்டுக் குடுத்தேன். நீ மூணு வாரம் வரல. இனி படிப்பே வேண்டாம்னு புத்தகத்தையெல்லாம் முனீஸ்வரன்கிட்ட குடுத்து அனுப்பிட்ட. அப்பறம் அதுக்குள்ள இருந்த தாளை எடுத்துப் பாத்தேன். வரி மாறியிருந்துச்சு. விடையெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா. அதான் லயத்துக்கு வந்து, அட்டை வழுக்கிருச்சு, நான்தான் தப்பா திருத்திட்டேன், அறுபத்தாறுன்னு சொன்னேன். நீ திரும்ப வந்த. அடுத்த மாடல்லயும் வரி மாறுச்சு. அப்ப சொன்னா முதல்ல சொன்னது பொய்னு தெரிஞ்சிரும். அப்படியே போயிருச்சு."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து உங்க தப்புன்னு சொன்னீங்க. உங்களுக்கு நான் டீ போட்டுக் குடுத்தேன்."

"உன் மனசு உடைஞ்சிரக்கூடாதுன்னுதான். பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லாரும் நம்பர் பாத்துப் போடணும்னு பொதுவா சொன்னேனே."

"பொதுவா சொன்னீங்க. நான் எழுபத்துநாலு வாங்குனவ சார். அது எனக்குன்னு எப்படி நெனப்பேன்? படிச்சு வராத புள்ளைகளுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

நான் இடையில் புகுந்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். நம்பினவள் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்றேன். பேருக்காகச் செய்தீர்களா, சுவரில் ஒட்டத்தானே அந்த எழுபத்துநாலு என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவரை ஏசாத ஜோதி. எனக்கு ஏச வரல" என்றாள். பிறகு அவரிடம், அதே தணிந்த குரலில் பேசினாள். "சார், பதினேழுன்னு நீங்க மறுபடியும் சொல்லிருந்தா நான் நாலு நாள் அழுதுருப்பேன். புருசன்கிட்ட சண்டை போட்டுருப்பேன். அஞ்சாம் நாளு, வரி ஏன் மாறுதுன்னு பாத்துருப்பேன். நான் ஒண்ணும் கண்ணாடி இல்ல சார், உடைய. என் கைக்கு என்ன கெட்ட பழக்கம்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ரெண்டு வருசம் அதை என்கிட்ட மறைச்சு வச்சுருந்தீங்க. என்கூடவே இருந்துகிட்டு."

அவர் கண் கலங்கியது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. அழ வேண்டியவள் அழாமல் நிற்கிறாள், இவர் அழுகிறார்.

"நம்ம ஆளுகளுக்கு இன்னொரு பரீட்சை வரும்மா. நான் உனக்குத் தனியா..."

"எனக்கு இனி இல்ல சார். வயசு முடிஞ்சுது. உங்களுக்கும் தெரியும்." சுருளியக்கா மாடல் தாள்களைப் பையில் வைக்காமல் மேஜையிலேயே விட்டாள். போகத் திரும்பினாள். கதவு வரை போய் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள். "வேற யாருக்கெல்லாம் தள்ளினீங்க?"

அறையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் பயம். சித்ரா மடியிலிருந்த தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது எதுக்கும்மா இப்ப."

"இவங்களுக்கு அடுத்த மாசம் பரீட்சை இருக்கு. சொல்லுங்க சார். நான் கேட்டுட்டுத்தான் போவேன்."

சார் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு பேருக்கு. சித்ராவுக்கு ரெண்டு தடவை." என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ஜோதிக்கு ஒரு தடவை. கடைசி மாடல்."

கடைசி மாடலில் எனக்கு அறுபத்தொன்று. வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன், போனில் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். எத்தனை இருந்தது என்று கேட்டேன். இருபத்தெட்டு என்றார். அவரைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் சொல்லாமலே இருந்திருந்தால் தேவலாம் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். தலையில் கை வைத்தாள்.

"அழு புள்ள" என்றாள். "நாலு நாள் நல்லா அழு. உனக்கு இன்னும் முப்பது நாள் கெடக்கு."